கடைசி வருடப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சித் திட்டமிடல்: சார்ட் சுவரில் தொங்குகிறது, வேலை நடக்கவில்லை

கரும்பலகை
ஜனவரி 8, இரவு 9:40

வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.பி.ஏ. துறையில் உதவிப் பேராசிரியர். மூன்றாம் ஆண்டுக்கு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் தாள் எடுக்கிறேன், 48 பேர். ஒவ்வொரு வருடமும் எங்கள் துறை ஒரு நாள் மீட் நடத்தும். வெளிக் கல்லூரிகளிலிருந்து சுமார் 200 பேர் வருவார்கள், நான்கு போட்டிகள், காலையில் சிறப்பு விருந்தினர் உரை, மதியம் சாப்பாடு, மாலையில் பரிசளிப்பு. இந்த வருடம் 2025 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை.

போன வருடம் இதையே பாடமாக்கலாம் என்று நினைத்து, ஒவ்வொரு வேலையும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று பட்டையாகக் காட்டும் கான்ட் சார்ட் போடச் சொன்னேன். அழகாகப் போட்டார்கள். ஏழு நிறத்தில் பட்டைகள், ஏ1 அளவில் பிரின்ட், துறை வாசலில் ஒட்டினோம். ஒட்டிய பிறகு யாரும் அதைப் பார்க்கவே இல்லை. நிகழ்ச்சியன்று காலை பத்தரைக்குத்தான் தெரிந்தது, தண்ணீர் கேன் யாருமே சொல்லவில்லை என்று. உணவுக் குழுவில் 12 பேர். 12 பேரும் மற்ற 11 பேர் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் ஜனவரி 20, திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினால் 39 நாள் இருக்கிறது. போதும் என்றுதான் தோன்றுகிறது. சார்ட்டை எப்படிச் சொல்லிக் கொடுத்தால் அது வேலைக்கு ஆகும்? பொறுப்பை எப்படிப் பிரிப்பது? பாடப்புத்தகம் என்னிடமும் இருக்கிறது, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

எக்செல்_மன்னன்
ஜனவரி 8, இரவு 10:15

மேடம், சிம்பிள். காகிதத்தில் ஒட்டினால் யார் பார்ப்பார்கள்? கூகுள் ஷீட்டில் போட்டு எல்லோருக்கும் லிங்க் கொடுங்கள். A-யில் பணி, B-யில் பொறுப்பாளர், C-யில் எத்தனை நாள், D-யில் தொடக்கம், E-யில் முடிவு. முடிவுத் தேதிக்கு இது:

```
=D2+C2-1
```

G1-லிருந்து வலப்பக்கம் தேதிகளை வரிசையாக அடித்துவிட்டு, G2-லிருந்து கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் கஸ்டம் ஃபார்முலாவாக இதைப் போடுங்கள், பட்டை தானாக நிறமாகும்:

```
=AND(G$1>=$D2,G$1<=$E2)
```

பொறுப்புக்கு RACI போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் யார் செய்வது, யார் பதில் சொல்வது, யாரைக் கேட்பது, யாருக்குச் சொல்வது என்று நான்கு எழுத்து. எங்கள் ஆபீஸில் இதுதான், பிரச்சினையே வராது.

---

கடைசிபெஞ்ச்
ஜனவரி 8, இரவு 11:02

மேடம், நான் வேறு கல்லூரி, இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மீட்டில் மாட்டிக்கொண்டவன். எங்களுக்கும் ஷீட் லிங்க் கொடுத்தார்கள். வாட்ஸப் குரூப்பில் அந்த லிங்க்குக்கு மேல் 400 குட் மார்னிங் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

என் பெயர் ரிஜிஸ்ட்ரேஷன் பொறுப்பாளர் என்று இருந்தது. நிகழ்ச்சிக்கு ஆறு நாள் முன்னால் எனக்கு வளாக நேர்காணல் வந்தது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. என் ஃபார்முக்கு யாருக்கும் எடிட் உரிமை இல்லை. திரும்பி வந்தால் எல்லோரும் என்னைத் துரோகி மாதிரி பார்க்கிறார்கள். வேலை கிடைத்தது, அது வேறு கதை. கடைசி வருடப் பையன் ஒருவன் எந்த நிமிடத்தில் காணாமல் போவான் என்று அவனுக்கே தெரியாது, இதை உங்கள் சார்ட்டில் எங்கே வைப்பீர்கள்?

---

சைட்_மேஸ்திரி
ஜனவரி 9, காலை 6:20

டீச்சர், நான் கட்டுமானத்தில் பிளானிங் இன்ஜினியர், 18 வருடமாக இந்தப் பட்டைகளோடுதான் பிழைப்பு. உங்கள் பிள்ளைகள் செய்த தப்பை எங்கள் சைட்டில் அனுபவசாலிகளே செய்வார்கள், அதனால் வருத்தப்படாதீர்கள்.

கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1910-களில் இந்த சார்ட்டை வரைந்தபோது பட்டைகளுக்கு நடுவே அம்புக்குறி கிடையாது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது 1950-களின் கடைசியில், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலைகளில் மிக நீளமான சங்கிலியைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிக்கல் பாத் முறை வந்த பிறகுதான் சேர்ந்தது. உங்கள் பிள்ளைகள் அந்த அம்பு இல்லாத சார்ட்டைத்தான் வரைந்திருக்கிறார்கள். ஒரு பட்டை ஏன் அந்தத் தேதியில் இருக்கிறது என்று கேளுங்கள், “அங்கே இடம் இருந்தது மேடம்” என்பார்கள்.

ஆகவே முதல் வகுப்பில் பட்டையே வேண்டாம். துண்டுச் சீட்டுகள் கொடுங்கள். ஒரு சீட்டில் ஒரு வேலை. தரையில் வலது ஓரத்தில் “பிப்ரவரி 28, காலை 9:30, குத்துவிளக்கு” என்று ஒரு சீட்டு. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே கேள்விதான்: இதைத் தொடங்க எது கையில் இருக்க வேண்டும்? அந்தப் பதில் இன்னொரு சீட்டாகி இடப்பக்கம் போகும். முன்னோக்கி யோசித்தால் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த வேலையைத்தான் முதலில் எழுதுவார்கள், போஸ்டர் டிசைன், டி-ஷர்ட், ரீல்ஸ். பின்னோக்கி வந்தால்தான் முதல்வர் கையெழுத்து, அட்வான்ஸ் பணம் எல்லாம் வெளியே வரும்.

இரண்டாவது வகுப்பில் நாட்கள். இதை ஊகிக்க விடாதீர்கள். அழைப்பிதழ் அச்சடிக்க எத்தனை நாள் என்று வகுப்பிலிருந்தே பிரஸ்ஸுக்கு போன் போடச் சொல்லுங்கள், ஸ்பீக்கரில். “ஒரே நாள்ல கொடுத்திடுவேன் தம்பி” என்பார். “ப்ரூஃப் ஓகே ஆன பிறகா, முன்னாலா?” என்று கேட்டால் நிஜம் வரும்.

இப்போது உங்கள் 39 நாள். உங்கள் கல்லூரிக்குச் சனிக்கிழமை வேலை நாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிறுகளையும் பிப்ரவரி 11 தைப்பூசத்தையும் கழித்தால், ஜனவரி 20 முதல் பிப்ரவரி 27 வரை 33 வேலை நாள்தான். இன்டர்னல் தேர்வு எப்போது?

---

கரும்பலகை
ஜனவரி 9, மதியம் 1:10

தேர்வு பிப்ரவரி 17, 18, 19. அய்யோ, அதை நான் யோசிக்கவே இல்லை.

---

பந்தி
ஜனவரி 9, மதியம் 2:35

தண்ணீர் கேன் என்று படித்ததும் உள்ளே வந்தேன். 200 பேருக்கு மதியச் சாப்பாடு என்றால் வெயில் நாளில் 20 லிட்டர் கேன் 20-ஆவது வேண்டும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் இல்லை, காலை முதல். வெஜ் பிரியாணி, தயிர் சாதம், ஒரு ஸ்வீட் என்று வைத்துக்கொண்டால் பந்தி போட வேண்டாம், பஃபே இரண்டு வரிசை போதும். ஒரே வரிசை வைத்தால் கடைசி ஆள் சாப்பிடுவதற்குள் மதியப் போட்டி தொடங்கிவிடும். எந்த ஊர் மேடம்? கொட்டேஷன் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

---

கரும்பலகை
ஜனவரி 9, மதியம் 2:50

அண்ணா, கேள்வி சமையல் பற்றி இல்லை, திட்டமிடல் பற்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன், தலைக்கணக்கு உங்களுக்கு எப்போது தெரிய வேண்டும்?

---

பந்தி
ஜனவரி 9, மாலை 4:05

சரி, தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும்.

தலைக்கணக்கு இரண்டு தடவை வேண்டும். ஒரு வாரம் முன்னால் ஒரு குத்துமதிப்பு, அதை வைத்துத்தான் ஆள், பாத்திரம் புக் பண்ணுவேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் கடைசிக் கணக்கு, அதை வைத்துத்தான் மளிகை, காய்கறி. 200 என்று சொல்லி 230 வந்தால் சமாளித்துவிடுவேன். 280 வந்தால் நான் ஓடிப்போவேன்.

காலேஜ் ஆர்டரில் எப்போதும் ஒரே தப்பு நடக்கும். 200 என்பது வெளியிலிருந்து வருகிறவர்கள் கணக்கு. உங்கள் சொந்தப் பிள்ளைகள் 48 பேர், கூட வரும் லெக்சரர்கள், வேன் டிரைவர்கள், சவுண்ட் செட்காரர்கள், இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள். எல்லோரும் சாப்பிடுவார்கள்.

---

சைட்_மேஸ்திரி
ஜனவரி 9, இரவு 8:45

பந்தி அண்ணன் சொன்னது தங்கம். “தலைக்கணக்கு கொடுத்தல்” ஒரு சீட்டு இல்லை, இரண்டு சீட்டு. இந்த மாதிரி ஆளிடம் கேட்டால்தான் தெரியும்.

சரி, தேர்வு மூன்று நாள் போக 30 வேலை நாள். இப்போது பிள்ளைகள் வழக்கமாகப் போடும் வரிசையை அப்படியே போடுகிறேன், நாட்கள் என் உத்தேசம், நீங்கள் போன் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பட்ஜெட் ஒப்புதல் 5 நாள். அதன் பிறகு சிறப்பு விருந்தினர் சம்மதம் 6 நாள், ஏனென்றால் முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் யாரும் தேதி கொடுக்க மாட்டார்கள். அவர் பெயர் வந்த பிறகு அழைப்பிதழ் வாசகமும் ப்ரூஃபும் 3 நாள், அச்சு 3 நாள், கல்லூரிகளுக்கு அனுப்ப 1 நாள், பதிவு 10 நாள், கணக்கு முடிக்க 1 நாள், சான்றிதழ் அச்சும் கையெழுத்தும் 3 நாள். கூட்டினால் 32. இருப்பது 30.

தேதியாகப் பாருங்கள். ஒப்புதல் ஜனவரி 24-ல் முடிகிறது, விருந்தினர் 31-ல், ப்ரூஃப் பிப்ரவரி 4-ல், அச்சு 7-ல், அனுப்புவது 8-ல். பதிவு 10-ஆம் தேதி திறந்து, தைப்பூசமும் தேர்வும் ஞாயிறும் தாண்டி 25-ல் மூடுகிறது. கணக்கு 26. சான்றிதழ் மார்ச் 1-ல் தயாராகும், அதாவது விழா முடிந்த மறுநாள். பிள்ளைகளை இந்தத் தேதி வரை வரவிட்டு, பிறகு பேசாமல் நில்லுங்கள். அந்த அமைதியில்தான் பாடம் நடக்கும். “39 நாள் இருக்கிறது” என்று முதலில் சொல்லப்போகிறவர்களும் அவர்களேதான்.

உடனே யாராவது “அச்சை ஒரு நாளில் முடிக்கலாம், ஒப்புதலை மூன்று நாளில் வாங்கலாம்” என்று நாட்களை நசுக்க ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள். அம்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு தொடங்க சிறப்பு விருந்தினர் பெயர் நிஜமாகவே தேவையா? போட்டிக்கு வரும் பையன் விருந்தினருக்காகவா வருகிறான்? பெயர் இல்லாத போஸ்டரை ஒப்புதல் வந்த இரண்டு நாளில் வெளியிடலாம், ஜனவரி 28-லேயே பதிவைத் திறக்கலாம். அச்சு அழைப்பிதழ் தன் வழியில் நிதானமாக வரட்டும், அது விருந்தினருக்கும் நிர்வாகத்துக்கும்தான். ஒரே சங்கிலியாக இருந்தது இரண்டு சங்கிலியாகிவிட்டது, நீளமானதே 21 நாள். எந்த வேலையையும் வேகப்படுத்தவில்லை, ஒரு பொய்யான அம்பை அழித்தோம், அவ்வளவுதான்.

எக்செல் தம்பி, உன் ஃபார்முலா ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறது. Holidays என்று ஒரு தனி ஷீட்டில் விடுமுறை, தேர்வு நாட்களைப் போட்டுவிட்டு முடிவுத் தேதிக்கு இது:

```
=WORKDAY.INTL(D2-1,C2,11,Holidays!$A$2:$A$20)
```

11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. அடுத்த வேலையின் தொடக்கத்தைக் கையால் அடிக்கவே கூடாது, முந்தையதன் முடிவிலிருந்து வர வேண்டும். இரண்டு வேலைக்காகக் காத்திருந்தால் MAX:

```
=WORKDAY.INTL(MAX(E2,E5),1,11,Holidays!$A$2:$A$20)
```

இப்போது ஒப்புதல் இரண்டு நாள் தள்ளினால் கீழே எல்லாம் தானாகத் தள்ளும். போன வருடச் சார்ட்டை ஏன் யாரும் பார்க்கவில்லை என்றால், அது நகரவில்லை. அசையாத கடிகாரத்தை யார் பார்ப்பார்கள்?

---

எக்செல்_மன்னன்
ஜனவரி 9, இரவு 9:30

அண்ணே, WORKDAY.INTL ஒப்புக்கொள்கிறேன், என் ஆபீஸில் சனி, ஞாயிறு இரண்டும் லீவு, அதனால் இந்தத் தலைவலி வந்ததில்லை.

ஆனால் உங்கள் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கூகுள் ஃபார்ம் ஞாயிற்றுக்கிழமை லீவு போடாது, இன்டர்னல் தேர்வும் எழுதாது. பதிவு 10 நாள் என்பது வேலை நாள் இல்லை, சும்மா திறந்து கிடக்கும் நாள். பிப்ரவரி 9-ல் திறந்தால் 18-ல் மூடலாம். தேர்வு முடிந்து 20-ல் கணக்கு, 21, 22, 24-ல் சான்றிதழ். விழாவுக்கு முன் மூன்று வேலை நாள் மிச்சம். மார்ச் 1 என்று பயமுறுத்தியது எல்லாம் சினிமா.

---

சைட்_மேஸ்திரி
ஜனவரி 9, இரவு 10:10

பிடித்துவிட்டாய் தம்பி, சரிதான். கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகும், கூலி ஆள்தான் வரமாட்டான். இதையே நான் ஜூனியர்களுக்குத் தினமும் சொல்கிறேன், எனக்கே தவறிவிட்டது. காத்திருக்கும் நாளை நாள்காட்டிக் கணக்கிலும், உழைக்கும் நாளை வேலை நாள் கணக்கிலும் போட வேண்டும். டீச்சர், பதிவு வரிசைக்கு மட்டும் தம்பியின் பழைய ஃபார்முலாவே சரி.

ஆனாலும் அந்தப் பொய் அம்பை நான் வெட்டுவேன். மிச்சம் மூன்று நாளும், விருந்தினர் சரியாக ஆறு நாளில் சம்மதிப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. முதலில் கேட்டவர் முடியாது என்றால் இரண்டாவது ஆளுக்குக் கடிதம் மறுபடி முதல்வரிடம் போக வேண்டும்.

---

ஓய்வு_வாத்தியார்
ஜனவரி 10, காலை 5:50

நான் 31 வருடம் கல்லூரியில் வேலை பார்த்து, அதில் 9 வருடம் என்.எஸ்.எஸ். அலுவலராக இருந்தவன். எங்கள் காலத்தில் ஷீட்டும் இல்லை, லிங்க்கும் இல்லை. ஒரு நீளமான கணக்கு நோட்டு. இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் ஒரே ஒரு பெயர், கடைசியில் கையெழுத்து. வேலை முடிந்தால் அவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவு பெரிய முகாம்களை அதை வைத்துத்தான் நடத்தினோம்.

நீங்கள் எல்லோரும் தேதியிலேயே நிற்கிறீர்கள். அந்த அம்மா கேட்டதில் பாதி, பொறுப்பு பற்றி. 12 பேர் குழு என்றால் பொறுப்பாளர் யாருமில்லை என்று அர்த்தம். ஒரு வேலைக்கு ஒரு பெயர். RACI நான்கு எழுத்து எல்லாம் 300 பேர் ஆபீஸுக்கு. வகுப்பில் போட்டால் பிள்ளைகள் கட்டத்தை நிரப்புவதிலேயே ஒரு வாரம் போய்விடும், ஒவ்வொரு வரிசையிலும் பத்துப் பேர் இருப்பார்கள்.

வேலையின் பெயரையும் பாருங்கள். “உணவு” என்று எழுதாதீர்கள், உணவு முடிந்தது என்று யார் எப்போது சொல்ல முடியும்? “தண்ணீர் கேன் ஆர்டர், அட்வான்ஸ் ரசீது கையில்” என்று எழுதுங்கள். ரசீது இருந்தால் முடிந்தது, இல்லை என்றால் முடியவில்லை. “எண்பது சதவீதம் முடிந்தது சார்” என்று எந்தப் பையனாவது சொன்னால் நான் அதைப் பூஜ்யம் என்றுதான் எழுதுவேன்.

அப்புறம் சான்றிதழுக்கு மூன்று நாள் என்று ஏன் கட்டிப்போட்டுக்கொள்கிறீர்கள்? பங்கேற்புச் சான்றிதழை முன்கூட்டியே பெயர் இல்லாமல் 250 அச்சடித்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். விழாவன்று நல்ல கையெழுத்துள்ள நான்கு பிள்ளைகள் பெயர் எழுதட்டும். பெயர்ப் பிழையும் வராது, நேரில் வந்து பதிந்தவனுக்கும் கிடைக்கும்.

---

சைட்_மேஸ்திரி
ஜனவரி 10, காலை 7:15

ஐயா, இன்னொரு அம்பை வெட்டிவிட்டீர்கள். பதிவு மூடுவதற்கும் சான்றிதழுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. கும்பிடு.

---

கடைசிபெஞ்ச்
ஜனவரி 10, காலை 9:40

ஐயா சொன்ன ஒரு பெயர் சரி, ஆனால் அந்த ஒரு பெயர் நேர்காணலுக்குப் போய்விட்டால்? நான் அங்கேதான் அடிபட்டேன்.

---

ஓய்வு_வாத்தியார்
ஜனவரி 10, காலை 11:20

நியாயம். பொறுப்பாளர் மூன்றாம் ஆண்டு, கூடவே இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு துணை. துணைக்கு வேலையில் பங்கு இல்லை, தகவலில் பங்கு. பொறுப்பாளர் பேசும் பிரஸ்காரரின் எண், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தது, ஃபார்மின் எடிட் உரிமை, எல்லாம் துணையிடமும் இருக்க வேண்டும். அடுத்த வருடம் அவன்தான் நடத்தப்போகிறான் என்பதால் கற்றுக்கொள்வான்.

---

எக்செல்_மன்னன்
ஜனவரி 10, மதியம் 12:05

அது RACI-யில் வேறு பெயரில் இருக்கிறது ஐயா, சரி விடுங்கள். ஒரு சின்ன டிப்: ஷீட்டைப் பெயர் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். வகுப்பில் சுறுசுறுப்பான மூன்று பேர் பெயர் பிப்ரவரி 26, 27 தேதிகளில் ஐந்தாறு வரிசையில் இருக்கும். மேடை அலங்காரம், நினைவுப்பரிசு, பொன்னாடை, விருந்தினரை அழைத்து வருவது எல்லாம் ஒரே பெண் தலையில். தேதி சரியாக இருந்தாலும் அவளால் முடியாது.

---

கரும்பலகை
ஜனவரி 10, இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி, வரிக்கு வரி எழுதிக்கொண்டேன். இரண்டு சிக்கல். ஒன்று, மாணவருக்குப் பணத்தில் கை வைக்க அதிகாரம் இல்லை, காசோலை எல்லாம் அலுவலகத்தில்தான். அப்படியிருக்க “பட்ஜெட் ஒப்புதல்” என்ற வேலைக்கு ஒரு மாணவியை எப்படிப் பொறுப்பாக்குவது? அது எட்டு நாள் ஆனால் அவள் தப்பா? இரண்டு, மதிப்பெண். நிகழ்ச்சி நன்றாக நடந்தால் மார்க், சொதப்பினால் இல்லை என்று வைக்கலாமா?

---

சைட்_மேஸ்திரி
ஜனவரி 10, இரவு 9:50

ஒன்றாவதற்கு: அதை இரண்டு பட்டையாக உடையுங்கள். “பட்ஜெட் குறிப்பு எழுதி, மூன்று கொட்டேஷன் இணைத்து, அலுவலகத்தில் கொடுத்து, நம்பர் வாங்குதல்”, இது மாணவியின் வேலை, இரண்டு நாள். “கையெழுத்துக்காகக் காத்திருத்தல்”, இது வேறு நிறப் பட்டை, மூன்று நாள். அந்தக் காத்திருப்புக்கும் அவள் பெயர்தான், ஆனால் அவளுடைய கடமை கையெழுத்து வாங்குவது இல்லை, தினமும் மூன்று மணிக்குப் போய் ஃபைல் யார் மேஜையில் இருக்கிறது என்று பார்த்து ஷீட்டில் எழுதுவது. மூன்றாம் நாள் தாண்டினால் அன்றைக்கே உங்களிடம் சொல்வது. அப்போது தள்ளிப்போகும் தேதிகளை முதல்வரிடம் காட்ட வேண்டியது உங்கள் வேலை டீச்சர், அவளுடையது இல்லை.

வாரம் ஒரு தடவை, திங்கட்கிழமை முதல் மணி நேரத்தில் 15 நிமிடம் ஷீட்டைத் திரையில் திறங்கள். இந்த வாரம் தொடங்க வேண்டியது, முடிய வேண்டியது, அந்த வரிசைகளை மட்டும் படியுங்கள். “ஏன் ஆகவில்லை” என்று கேட்டால் கதை வரும். “எதற்காகக் காத்திருக்கிறாய்” என்று கேளுங்கள், ஒரு பெயர் வரும்.

சார்ட் பிப்ரவரி 28-ல் முடியக் கூடாது. பில் செட்டில்மென்ட், சவுண்ட் செட் திருப்பிக் கொடுத்தது, நன்றிக் கடிதம், அறிக்கை, இதெல்லாம் மார்ச் 8 வரை போகட்டும். பில் இல்லாமல் அட்வான்ஸ் கணக்கை முடிக்க முடியாமல் அலைவது கடைசியில் நீங்கள்தான்.

விழா நாளை மட்டும் இந்த ஷீட்டில் வைக்காதீர்கள். நாள் கணக்குக் கட்டத்தில் அரை மணி நேர வேலைகள் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு பக்கம், காலை 7 முதல் மாலை 5 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு வரி. விருந்தினர் 40 நிமிடம் தாமதமாக வந்தால் எந்தப் போட்டியை அவர் இல்லாமலேயே தொடங்கலாம் என்பதையும் அதிலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

மதிப்பெண் என் துறை இல்லை.

---

ஓய்வு_வாத்தியார்
ஜனவரி 11, காலை 6:05

விழாவின் வெற்றிக்கு மார்க் போடாதீர்கள். மழை வந்தால் மார்க் குறைப்பீர்களா? ஒவ்வொரு தேதி மாற்றத்துக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: என்ன நினைத்தோம், என்ன ஆனது, எந்தத் தேதியில் தெரிந்தது. தாமதத்தை அன்றைக்கே சொன்னவனுக்கு முழு மார்க், மறைத்தவனுக்குக் குறையுங்கள்.

---

கடைசிபெஞ்ச்
ஜனவரி 11, காலை 10:30

ஐயா, மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடில்லை. தாமதத்தைச் சொன்னால் மார்க் என்றால் எங்கள் ஆட்கள் தாமதத்தை உற்பத்தி பண்ணுவார்கள். ஒவ்வொருவரும் 2 நாள் வேலைக்கு 5 நாள் போட்டு, 3 நாளில் முடித்து ஹீரோ ஆவார்கள். அப்புறம் பொறுப்பாளர் பட்டியலில் பெயரே இல்லாத 20 பேருக்கு என்ன மார்க்? 48 பேருக்கு 48 உருப்படியான வேலை இருக்கிறதா?

---

ஓய்வு_வாத்தியார்
ஜனவரி 11, காலை 11:45

நாட்களை அவர்கள் முடிவு செய்தால்தானே அந்தத் தந்திரம். பிரஸ்காரர் சொன்ன நாளை வகுப்பு முன்னால் எழுதினால் கூட்ட முடியாது. மீதி 20 பேர் விஷயம், உண்மைதான், என்னிடம் நல்ல பதில் இல்லை.

---

கரும்பலகை
ஜனவரி 21, இரவு 9:15

முதல் இரண்டு வகுப்பும் முடிந்தது, வந்து சொல்கிறேன் என்று நினைத்தேன்.

சீட்டு விளையாட்டில் 43 சீட்டு வந்தது. தண்ணீர் கேனுக்குத் தனிச் சீட்டு, போன வருடக் கதை தெரியும் என்பதால் ஒரு பெண் அதை முதலிலேயே எழுதிவிட்டாள். தமிழ்த்தாய் வாழ்த்து இசைக்கோப்பு யார் கொண்டு வருவது என்ற சீட்டை மூன்றாம் ஆண்டில் யாருமே எழுதவில்லை, துணையாக வந்த இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன்தான் எழுதினான். மார்ச் 1 வந்ததும் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை, பிறகு “மேடம், தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்” என்று ஒருவன் கத்தினான். எக்செல் தம்பி சொன்ன பதிவு நாள் ஓட்டையை ஒரு மாணவியும் கண்டுபிடித்தாள்.

பிரஸ்ஸுக்கு போன் போட்டோம். ப்ரூஃப் ஓகே ஆன பிறகு நான்கு நாள் என்றார், முகூர்த்த சீசன், கல்யாணப் பத்திரிகை குவிந்து கிடக்கிறதாம். நாங்கள் மூன்று என்று வைத்திருந்தோம்.

பதிவை ஜனவரி 28-ல் திறக்கிறோம், விருந்தினர் பெயர் இல்லாமல். வெற்றுச் சான்றிதழுக்கு முதல்வர் சம்மதிக்கவில்லை. கையெழுத்திட்ட வெற்றுத் தாள் 250 வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. முன்பதிவு செய்தவர்களுக்குப் பெயர் அச்சிட்டும், 40 மட்டும் வரிசை எண் போட்டு வெற்றாகவும் தருகிறேன் என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அது இப்போது காத்திருப்புக்கான சாம்பல் நிறப் பட்டையில் என் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

துறைத் தலைவர் அழைப்பிதழில் எட்டுக் குழுக்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்கிறார், எல்லாப் பெற்றோரும் பிள்ளை பெயரைப் பார்ப்பார்களாம். சரி என்று விட்டுவிட்டேன், அது அழைப்பிதழுக்கு, ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு பெயர்தான். 43 வேலையில் 31 பேருக்குப் பொறுப்பு வந்திருக்கிறது. மீதி 17 பேரை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

---

பந்தி
ஜனவரி 21, இரவு 10:20

அந்த 17 பேரில் நான்கு பேரை பஃபே வரிசையில் டோக்கன் வாங்க நிறுத்துங்கள் மேடம். முன்னாலேயே வந்து என் ஆளிடம் ஒரு மணி நேரம் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். டிரைவர்களுக்கும் டோக்கன் அடித்துவிட்டீர்களா?

---

கரும்பலகை
ஜனவரி 21, இரவு 10:32

இல்லை. 44-ஆவது சீட்டு.